பன்னிரண்டு பக்கம் எட்டானது

குறுந்தொகையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். இரண்டு வாரம் கழித்துச் சிற்றிதழ் ஆசிரியர் போனில் அழைத்தார். "கட்டுரை நல்லா இருக்கு. ஆனா பன்னிரண்டு பக்கம் வருது. எட்டுக்கு மேல இடமில்ல. நீங்களே குறைச்சுக் கொடுத்தா நல்லது, நான் கை வச்சா எங்கயாவது தப்பா வெட்டிடுவேன்" என்றார். கணக்குப் பார்த்தேன். கட்டுரை 4,200 சொற்கள். எட்டுப் பக்கத்துக்கு 2,800தான் வரும். 1,400 சொற்களை எடுத்தாக வேண்டும், சரியாக மூன்றில் ஒரு பங்கு.

அந்த மூன்று வாரம் நான் செய்ததை எழுதி வைக்க நினைக்கிறேன். இலக்கியக் கட்டுரையைக் குறைப்பதில் மற்றக் கட்டுரைகளில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் பாதி நம்முடையது, மீதி கவிஞர்களுடையது. கவிஞர்களுடையதில் கைவைக்க மனம் வராது. அதனால் நம்முடையதை வெட்டிக்கொண்டே போவோம். நான் முதலில் செய்த தவறு அதுதான்.

கட்டுரையின் வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் எதை எடுத்தேன், எதை வைத்தேன் என்பது விளங்காது. குறுந்தொகைப் பாடல்களில் பேசுகிறவர் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார், விட்டதை அந்தப் பாட்டில் வரும் பறவையோ மரமோ விலங்கோ சொல்லிவிடுகிறது என்பதுதான் வாதம். காட்சியை அழகுக்காகச் சேர்த்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பேச்சின் மறுபாதியே அதுதான் என்று காட்ட முயன்றேன். காட்சிக்குள் மறைந்து நிற்கும் பொருளைத் தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று பேசுவது இதன் பக்கத்தில்தான் வரும். ஆறு பாடல்களைச் சான்றாக வைத்திருந்தேன்: 3, 8, 18, 25, 37, 40.

முதல் முறை குறைத்தபோது நியாயமாக நடந்துகொள்வதாக நினைத்து, ஒவ்வொரு பத்தியிலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்தேன். அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு போகும் மெட்ரோவில் தினமும் காலை ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம். பென்சிலால் அடித்துக்கொண்டே போனேன். ஒரு வாரத்தில் 2,810 சொற்களுக்கு வந்துவிட்டது. பாடல் ஆறும் இருந்தன. எதையும் இழக்கவில்லை என்று மகிழ்ச்சியாக இருந்தது.

எங்கள் மாடி வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கொடுத்தேன். மறுநாள் மாலை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "பாட்டெல்லாம் நல்லா எடுத்துப் போட்டிருக்கீங்க தம்பி. ஆனா அந்தப் பலாப்பழப் பாட்டு எதுக்கு வந்துச்சு? யானைப் பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

பலாப்பழப் பாட்டு 18, யானைப் பாட்டு 37. சம்பந்தம் இருந்தது. முதல் வடிவத்தில் அதைச் சொல்ல மூன்று வாக்கியங்கள் இருந்தன. மூன்றையும் நான் அடித்துவிட்டிருந்தேன். கீழே வந்து பென்சில் கோடுகளை எண்ணிப் பார்த்தேன். அடித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை. 'ஆனால் இதை வெட்கம் என்று மட்டும் கொள்ள முடியாது', 'முந்தைய பாட்டில் காட்சி ஆறுதல் சொன்னது, இதில் எச்சரிக்கை செய்கிறது', 'இது ஒரு பாட்டின் தற்செயல் என்றால் அடுத்ததைப் பாருங்கள்'. இவற்றில் பாட்டு இல்லை, அழகும் இல்லை. ஆகவே, ஆனால், எனினும் என்று தொடங்குகிற வறண்ட வாக்கியங்கள். எதை எடுக்கலாம் என்று தேடும் கண்ணுக்கு இவைதான் முதலில் படும். கட்டுரையின் வாதமும் இவற்றில்தான் இருக்கிறது. இவற்றை எடுத்துவிட்டதால் கட்டுரை ஒரு பாடல் திரட்டாகிவிட்டது, ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே நாலு வரி விளக்கத்தோடு.

சீராகக் குறைப்பதில் இருக்கும் ஆபத்து இது. எல்லாப் பத்தியும் கொஞ்சம் மெலியும், எந்தப் பத்தியும் போகாது. ஆனால் பத்திகளைக் கோக்கிற நூல் அறுந்துபோகும். எழுதியவருக்கு அது தெரியாது, நூல் அவர் தலைக்குள் இன்னும் இருப்பதால்.

இரண்டாம் முறை பழைய பிரதியிலிருந்தே தொடங்கினேன். நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை எடுத்து, ஒரு பத்திக்கு ஒரு தாள் என்று வைத்து, அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியம் எழுதினேன். 'இந்தப் பத்தி எதைப் பற்றியது' என்று எழுதினால் பயனில்லை. 'குறுந்தொகை 37 பற்றி' என்று எழுதினால் எதுவும் தெரியாது. 'தலைவன் திரும்பி வருவான் என்று தோழி வாக்குத் தருகிறாள், எதனால் வருவான் என்ற காரணத்தை யானை சொல்கிறது' என்று எழுத வேண்டும். 31 பத்தி, 31 தாள். சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, வாக்கியங்களை மட்டும் வாய்விட்டுப் படித்தேன்.

ஏழு தாள்களில் வாக்கியம் எழுதவே முடியவில்லை. அந்தப் பத்திகள் எதையும் சொல்லவில்லை, ரசித்துக்கொண்டிருந்தன. நான்கு தாள்களில் முன்பே எழுதிய வாக்கியமே மறுபடி வந்தது. முதல் ஐந்து தாள்கள் உண்மையான செய்திகள்தான், ஆனால் ஆறாவது தாளுக்கு அவை தேவைப்படவில்லை.

அந்த முதல் ஐந்து பத்தி பதிப்பு வரலாறு. 1915இல் சௌரிப்பெருமாளரங்கன் குறுந்தொகையைப் பதிப்பித்தது, 1937இல் உ.வே.சாமிநாதையர் தம் உரையோடு வெளியிட்டது, 401 பாடல்கள், நாலடி முதல் எட்டடி என்ற அளவு, பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரைகள் கிடைக்காமல் போனது என்று 450 சொல்லுக்கு எழுதியிருந்தேன். எழுதும்போது இவை கட்டுரைக்குள் நுழைய எனக்கு வாசலாக இருந்தன. வாசகருக்கு அந்த வாசல் வேண்டியதில்லை. ஆனால் மொத்தத்தையும் எடுக்கப் போனபோது ஒரு செய்தி மட்டும் தடுத்தது: பழைய உரை கிடைக்கவில்லை என்பது. அது வாதத்துக்கு வேண்டும். 25ஆம் பாட்டில் வரும் குருகு என்ற நீர்ப்பறவை இன்னதைச் சொல்கிறது என்று நான் சொல்லும்போது, அந்தக் காலத்துக்குச் சற்று அருகில் இருந்த உரைகாரர் அப்படித்தான் படித்தாரா என்று சரிபார்க்க வழியில்லை. என் வாசிப்பின் எல்லையை அது சொல்கிறது. அதை 60 சொல்லில் வைத்துக்கொண்டு மீதி 390ஐ எடுத்தேன்.

அடுத்தது பாடல்கள். ஆறில் எது போகும்?

எனக்கு மிகப் பிடித்ததும் எல்லாருக்கும் தெரிந்ததும் 40ஆம் பாட்டு. 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்கி, செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லி முடிவது. எழுதியவர் பெயரே மறைந்து, செம்புலப் பெயனீரார் என்று உவமையே பெயராக நின்றுவிட்ட பாட்டு. அதற்கு 420 சொல் கொடுத்திருந்தேன், கட்டுரையிலேயே அதிகம். அந்தப் பாட்டின் தாளை எடுத்து என் வாதத்தின் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேசுகிறவர் சொல்லாததைக் காட்சி சொல்கிறது என்பது வாதம். இந்தப் பாட்டில் தலைவன் எல்லாவற்றையும் அவனே சொல்கிறான். 'போல' என்று உவம உருபு போட்டு, எதற்கு எது உவமை என்றும் சொல்லிவிடுகிறான். மறைந்து நிற்பது ஒன்றுமில்லை. பாட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் என் வாதத்துக்கு அது சான்று ஆகாது. இத்தனை நாள் அது கட்டுரையின் நடுவில் உட்கார்ந்து, அதன் அழகை என் வாதத்தின் பலமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நல்ல பாட்டு வேறு, நல்ல சான்று வேறு என்பது அந்த இரவு எனக்குக் கைக்கு எட்டுகிற பொருள்போலத் தெரிந்தது. சான்றைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இதை எடுத்துவிட்டால், வாசகர் எந்த ஒரு விஷயத்தை நம்ப மறுப்பார்? 40ஐ எடுத்தால் யாரும் எதையும் மறுக்கப் போவதில்லை.

18ஆம் பாட்டு இதற்கு நேர் எதிர். கபிலர் பாட்டு. தோழி தலைவனிடம் பேசுகிறாள், சீக்கிரம் மணம் செய்துகொள் என்று.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி

என்று தொடங்குகிறாள். பிறகு, சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குவதுபோல இவள் உயிர் மிகச் சிறியது, காமமோ பெரியது என்கிறாள். இந்த ஒரே பாட்டில் இரண்டு பலா இருக்கிறது. இரண்டாவது பலா வெளிப்படையான உவமை, 'தூங்கியாங்கு' என்று சொல்லியே வருகிறது. முதல் பலா அவன் நாட்டுப் பலா. அது வேரிலேயே காய்க்கிறது, விழ இடமில்லை. சுற்றிலும் மூங்கில் வேலி. அந்தப் பழத்துக்குக் காவல் உண்டு, தாங்க மண் உண்டு. இவளுக்கு இரண்டும் இல்லை. இந்த ஒப்பீட்டைத் தோழி சொல்லவில்லை. அவனை விளிக்கிற சாக்கில் அந்த மரத்தை முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறாள். சொன்ன உவமையும் சொல்லாத காட்சியும் ஐந்தடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், வாசகரே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துக்கொள்வார். 40ஐ வைத்து நான் விளக்க முயன்ற வேறுபாட்டை இது தானே செய்துவிடுகிறது.

3ஆம் பாட்டும் போயிற்று. 'நிலத்தினும் பெரிதே' என்று தலைவி தன் நட்பை அளந்துவிட்டுக் குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் இழைக்கும் நாட்டைச் சொல்கிற பாட்டு. அது சான்றுதான், ஆனால் 25ஆம் பாட்டு செய்கிற வேலையையே செய்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு பேர் வேண்டாம். 250 சொல்.

இதற்கிடையில் 8ஆம் பாட்டு. அதற்கு நான் பத்தாம் பக்கத்தில் இரண்டே வரி கொடுத்திருந்தேன். தாள்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் அதன் இடம் தெரிந்தது. என் வாதத்துக்கு ஒருவர் எளிதாக ஒரு மறுப்புச் சொல்லலாம்: தலைவி வெட்கப்படுகிறாள், தோழி நாகரிகம் பார்க்கிறாள், அதனால்தான் வாய்விட்டுச் சொல்லாமல் பறவையையும் மரத்தையும் காட்டுகிறார்கள், இதில் பாட்டின் கலை என்ன இருக்கிறது? இந்த மறுப்புக்குப் பதில் 8இல்தான் இருக்கிறது. ஆலங்குடி வங்கனார் பாட்டு. பேசுகிறவள் பரத்தை. வெட்கமோ தயக்கமோ இல்லை. தலைவன் தன் வீட்டில், மகனின் தாய்க்கு, கண்ணாடியில் தெரியும் பாவை நாம் கை தூக்கினால் தானும் தூக்குவதுபோல ஆடுகிறான் என்று தலைவியின் பக்கத்தவர் காதில் விழும்படியே இகழ்கிறாள். இவ்வளவு பேசுகிறவள்கூட ஒன்றைக் காட்சிக்கு விட்டுவைக்கிறாள். அவன் ஊரில் வயலோரத்து மாமரத்தில் பழுத்து விழுகிற பழத்தைக் குளத்து வாளை கவ்விக்கொள்ளும். வாளை மரம் ஏறவில்லை, பழம்தான் வந்து விழுந்தது. நான் அவனைத் தேடிப் போகவில்லை என்ற ஒரு சொல்லை அவள் எங்கும் சொல்லவில்லை.

ஆகவே அது வெட்கம் அல்ல. இந்தச் சான்று இல்லாவிட்டால் என் வாதத்தில் ஓட்டை விழும். குறைக்க உட்கார்ந்த நான் இந்தப் பாட்டுக்கு மட்டும் 80 சொல் கூட்டினேன். பாடல்கள் போன இடங்களைக் கோக்கும் புதிய இணைப்பு வாக்கியங்களுக்கு இன்னும் 40.

பிறகு வாக்கிய அளவில் வேலை. தமிழில் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு பழக்கம் உண்டு. பாட்டைப் போடுவோம், உடனே பொழிப்புரை சொல்வோம், பிறகு அதையே விளக்குவோம். வாசகர் ஒரே செய்தியை மூன்று தடவை கேட்கிறார். 25ஆம் பாட்டில் நான் செய்திருந்ததை அப்படியே தருகிறேன். பாட்டு இது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

இதன் கீழே நான் எழுதியிருந்தது:

"இப்பாடலில் தலைவி தன் தோழியிடம் பேசுகிறாள். தலைவன் தன்னை மணந்த அந்தப் பொழுதில் அங்கே வேறு யாரும் இல்லை, அவன் மட்டுமே இருந்தான், அந்தக் கள்வன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களை உடைய, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகும் அங்கே இருந்தது என்கிறாள். இங்கே குருகு வெறும் பறவை அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. அது ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கபிலர் சொல்லியிருப்பது மிகவும் நுட்பமானது என்றால் மிகையாகாது."

நுட்பமானது என்று சொல்லியிருக்கிறேன், நுட்பம் என்ன என்று சொல்லவில்லை. குறைத்த பிறகு:

"சாட்சி கேட்டால் காட்ட அவளிடம் ஒரு குருகுதான் உண்டு. அதுவும் அவர்களைப் பார்க்கவில்லை, ஓடுநீரில் ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் இல்லை என்பதை முதல் அடியிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். இரையே கண்ணாக அங்கே நின்றது குருகு மட்டுமா என்பதை அவள் கேட்கவில்லை."

பொழிப்புரை தனியாக இல்லை, வாதத்துக்குள் கரைந்துவிட்டது. பாட்டின் பொருள் தெரியாதவருக்கும் இது போதும், தெரிந்தவருக்குச் சலிப்பும் இல்லை. மிஞ்சிய பாடல்களில் இப்படிச் செய்ததில் மொத்தம் 280 சொல் கிடைத்தது. 'கவனிக்க வேண்டியிருக்கிறது', 'மிகையாகாது', 'குறிப்பிடத்தக்கது' எல்லாம் கேட்காமலே போய்விட்டன. அவை நின்ற இடத்தில் எல்லாம் நான் சொல்லத் தயங்கிய ஒரு கருத்து இருந்தது என்பதையும் கவனித்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழில் சொல் எண்ணிக்கையை நம்பக் கூடாது. 'பார்த்துக் கொண்டு இருந்தது' மூன்று சொல், 'பார்த்துக்கொண்டிருந்தது' ஒரு சொல். ஒரு மாலை நான் இடைவெளிகளை மூடியே ஐம்பது சொல் குறைத்துவிட்டேன், ஒரு வரிகூடக் குறையவில்லை. அதன் பிறகு எழுத்துரு அளவை மாற்றாமல் பக்கத்தையே பார்த்தேன்.

முடிவில் இருந்த 200 சொல் தொகுப்புரையை முழுதாக எடுத்தேன். எட்டுப் பக்கக் கட்டுரையில் முதல் பக்கத்தில் சொன்னதை எட்டாம் பக்கத்தில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

பிரதியை அக்காவிடம் மறுபடி கொடுத்தேன். இந்த முறை அவர் கேட்டது வேறு. "செம்புலப் பெயல்நீர் எங்க? குறுந்தொகைன்னா எல்லாருக்கும் அதுதானே ஞாபகம் வரும். உங்க வாதத்துக்கு ஒத்துவரலன்னு மறைச்சிட்டீங்களோன்னு நினைப்பாங்க."

அவர் சொன்னது சரி. குறைக்கும்போது நடக்கக்கூடிய இன்னொரு தவறு அது. இடைஞ்சலாக இருக்கும் சான்று முதலில் போகும், கூடவே 'பல பாடல்களில்' என்பது 'குறுந்தொகையில்' என்று ஆகிவிடும். என் பிரதியில் இரண்டு இடத்தில் அப்படி ஆகியிருந்தது. கருத்து சுருங்கவில்லை, சான்று தாங்காத அளவுக்குப் பெருத்துவிட்டது. இரண்டையும் பழையபடி மாற்றினேன். பதிப்பு வரலாற்றில் மிச்சம் வைத்த வாக்கியத்துக்குப் பிறகு ஒரு வரி சேர்த்தேன்: எல்லாப் பாடலும் இப்படி மறைத்துப் பேசுவதில்லை, செம்புலப் பெயல்நீர் வாய்விட்டுச் சொல்லப்பட்ட உவமை, இக்கட்டுரை பேசுவது அதைப் பற்றி அல்ல. 420 சொல் எடுத்துக்கொண்ட பாட்டு இருபது சொல்லில் நின்றது, சான்றாக அல்ல, வாதத்தின் எல்லைக் கல்லாக.

கணக்கைக் கூட்டினேன். 390, 400, 250, 280, 200. மொத்தம் 1,520 போனது, 120 வந்தது.

கடைசியாக ஒரு முறை 'மேலே கண்ட', 'இதேபோல', 'அந்த' என்று வரும் இடங்களை மட்டும் தேடிப் படித்தேன். வெட்டிய இடத்தின் தழும்பு இந்தச் சொற்களில்தான் இருக்கும். மூன்று அகப்பட்டன. ஒன்றில் யானைப் பாட்டைப் பற்றிய பத்தி 'அந்தத் தேனைப் போலவே' என்று தொடங்கியது. தேன் 3ஆம் பாட்டோடு எப்போதோ போயிருந்தது. அந்த இடத்தில், பசித்த பிடிக்காக யாமரத்தின் பட்டையை உரிக்கும் களிற்றை அவன் வழியில் பார்ப்பான் என்பதிலேயே நேரடியாகத் தொடங்கினேன்.

அச்சுக்கு முன்னால் வடிவமைத்த பக்கங்களை ஆசிரியர் அனுப்பினார். எட்டாம் பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் மிஞ்சியிருந்தது. எதையாவது சேர்க்கிறீர்களா என்று கேட்டிருந்தார். குறிஞ்சித் தேனைத் திரும்பக் கொண்டுவர ஒரு கணம் கை போனது. பிறகு முதல் பக்கத்துக்குப் போய், செம்புலப் பெயல்நீர் என்று வெறும் பெயராக நின்ற வரிக்குக் கீழே, 'செம்புலப் பெயல்நீர் போல / அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்ற கடைசி இரண்டு அடிகளைச் சேர்த்து அனுப்பினேன். அந்த 'போல' கண்ணில் படட்டும் என்று.